ஒரே சக்கைக்கு மூன்று கணக்கு

ஆலையில் பிழிந்து வந்த கரும்புச் சக்கையில் ஒரு கிலோவை எடுத்து எரித்தால், முக்கால் கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான தண்ணீர் வெளியே போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் புகைபோக்கி வழியே போய்விடுவதால் அது யார் கவனத்திலும் படுவதில்லை. ஆனால் அந்த ஆவியைக் கணக்கில் எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே சக்கையின் வெப்ப மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் வயல்களிலும், கீழே பெரியகுளம், ஆண்டிபட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் கரும்பு உண்டு. வைகை அணைக்கு அருகே வரதராஜ் நகரில் ராஜ்ஸ்ரீ சர்க்கரை ஆலை அமைந்ததற்குக் காரணம் இந்தக் கரும்புதான். சர்க்கரை ஆலையோ, சிறிய வெல்ல ஆலையோ, இரண்டிலும் அடுப்பை எரிப்பது கரும்பின் சக்கைதான். வெளியிலிருந்து விறகோ நிலக்கரியோ வாங்காமல், தன் சாற்றைத் தானே காய்ச்சிக்கொள்ளும் பயிர் இது. ஆகவே சக்கையில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்ற கேள்வி ஆலைக்காரருக்குப் பணக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒருவர் கிலோவுக்கு 4,500 கிலோகலோரி என்பார். இன்னொருவர் 2,250 என்பார். மூன்றாமவர் 1,800 என்பார். மூவர் கையிலும் இருப்பது ஒரே குவியலிலிருந்து அள்ளிய சக்கை. மூவர் சொல்வதும் சரி.

முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வது எளிது. ஆலையின் கடைசி உருளையைத் தாண்டி வரும் சக்கையில் ஏறத்தாழப் பாதி எடை ஈரம். 4,500 என்பது முழுக்க உலர்த்திய சக்கைக்கான மதிப்பு. ஈரத்தோடு ஒரு கிலோ எடுத்தால் அதில் எரியக்கூடியது அரைக் கிலோதான், அதனால் 2,250. இந்தியாவின் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சக்கையிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு விலை நிர்ணயிக்கும் விதிகளில் எடுத்துக்கொள்வதும் இந்த 2,250தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3,600 கிலோகலோரி வெப்பம் வேண்டும் என்பது அந்த விதிகளின் கணக்கு. அப்படியானால் யூனிட்டுக்கு 1.6 கிலோ சக்கை.

விளக்கம் தேவைப்படுவது 2,250க்கும் 1,800க்கும் இடையில் உள்ள 450க்குத்தான்.

ஒரு கிலோ ஈரச் சக்கையை எரிக்கும்போது வரும் தண்ணீரை எடை போட்டுப் பார்ப்போம். அரைக் கிலோ, அதாவது 500 கிராம், ஏற்கெனவே இருக்கும் ஈரம். மீதி அரைக் கிலோ நார்ப்பொருள். கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்தது அது. அதில் ஹைட்ரஜன் நூற்றுக்கு ஆறு பங்கு, ஆகவே 30 கிராம். எரியும்போது ஒரு கிராம் ஹைட்ரஜன் எட்டு கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்பது கிராம் தண்ணீராகிறது. 30 கிராமுக்கு 270 கிராம். மொத்தம் 770 கிராம் தண்ணீர். இதில் முதல் 500ஐ வெயிலில் காய வைத்து விரட்டலாம். பிந்தைய 270ஐ எந்த வெயிலாலும் விரட்ட முடியாது. எரிவதற்கு முன் அது தண்ணீராகவே இல்லை, தீதான் அதைத் தண்ணீராக்குகிறது.

தீ தண்ணீரை உண்டாக்குகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரத்தின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, எரியும் கேஸ் அடுப்பின் மேல் வையுங்கள். முதல் சில விநாடிகளில் அடியோரத்திலும் பக்கவாட்டிலும் மெல்லிய பனி படியும், சில சமயம் துளியாகக்கூடத் திரளும். பாத்திரம் சூடானதும் அது மறைந்துவிடும். பாத்திரம் ஒழுகுவதால் வந்த நீர் அல்ல அது. சமையல் வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்து ஆவியாகி, குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீரானது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் இப்படி உண்டாகும் தண்ணீர் 22 கிலோவுக்கும் மேல். சிலிண்டரில் இருந்த வாயுவைவிட வெளியே போன தண்ணீர் அதிக எடை, ஏனென்றால் ஆக்சிஜனின் எடை காற்றிலிருந்து வந்து சேர்கிறது.

அந்தச் சில விநாடிப் பனியில்தான் நம் 450 கிலோகலோரியின் விளக்கம் இருக்கிறது. தண்ணீரை ஆவியாக்க வெப்பம் தர வேண்டும். வெப்பநிலை ஏறாமல், ஆவியாக்குவதற்கு மட்டுமே செலவாகும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். சாதாரண வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீருக்கு இது 584 கிலோகலோரி. ஆவி மறுபடி நீராகும்போது இதே 584ஐ அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த பாத்திரத்தில் படிந்த பனி அந்த வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் படிந்தது. பாத்திரம் சூடான பிறகு எரிந்த வாயுவின் ஆவியோ கொடுக்காமலே சமையலறையைக் கடந்து போய்விடுகிறது.

சக்கையின் 770 கிராம் தண்ணீரைக் கிலோவில் 0.77 என்று எடுத்து 584ஆல் பெருக்குங்கள். வருவது 450. ஆவியெல்லாம் நீராகித் தன் வெப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டதாக வைத்துக்கொண்டால் 2,250. ஒரு துளியும் திருப்பித் தரவில்லை என்றால் 1,800. முன்னதை மொத்தக் கலோரி மதிப்பு அல்லது உயர் வெப்ப மதிப்பு என்கிறார்கள், பின்னதை நிகரக் கலோரி மதிப்பு அல்லது தாழ் வெப்ப மதிப்பு என்கிறார்கள். ஆலைப் பொறியாளர்களின் பேச்சில் ஜி.சி.வி., என்.சி.வி.

பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் எண் எப்போதும் மொத்த மதிப்பாக இருப்பதற்குக் காரணம் அங்குள்ள கருவிதான். பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தலோ 1880களில் உருவாக்கிய வெடிகலக் கலோரிமானியின் வழிவந்தது அது. கனத்த எஃகுக் கிண்ணத்துக்குள் ஒரு கிராம் அளவு எரிபொருளை வைத்து, அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்பி, இறுக மூடித் தண்ணீரில் அமிழ்த்திவிடுகிறார்கள். மின்சாரத்தால் பற்ற வைத்ததும் சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறியது என்று பார்க்கிறார்கள். மூடிய கிண்ணம் என்பதால் ஆவி தப்ப வழியில்லை. எல்லாம் அறை வெப்பநிலைக்கு அருகில் அடங்கும்போது அது நீராகித் தன் வெப்பத்தையும் கொடுத்துவிடுகிறது. சோதனை முடிந்து மூடியைத் திறந்தால் உட்சுவரில் துளிகள் நிற்கும். சோதனைக்கு முன்பே கிண்ணத்துக்குள் சில துளி தண்ணீர் விட்டு, உள்ளே இருக்கும் காற்றை ஈரத்தால் நிறைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. எரிந்து வரும் ஆவி முழுவதும் நீராக வேண்டும் என்பதற்காகத்தான் அது.

எந்த அடுப்பும் அந்த மூடிய கிண்ணம்போல் நடந்துகொள்வதில்லை. நிகர மதிப்பு பிறந்தது இதனால்தான்: கருவி தந்த எண்ணிலிருந்து, சாதாரண அடுப்பில் கிடைக்கவே கிடைக்காத ஒரு பங்கைக் கழித்துச் சொல்வது. இதற்குத் தனிக் கருவி கிடையாது. எரிபொருளின் ஈரமும் ஹைட்ரஜனும் தெரிந்தால் மேலே செய்ததுபோல் கழித்துப் பெற வேண்டியதுதான்.

ஒரு பாய்லர், ஒரு கிலோ சக்கையை எரித்து 1,575 கிலோகலோரியை நீராவிக்குள் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பால் வகுத்தால் அதன் திறன் 70 சதவீதம். நிகர மதிப்பால் வகுத்தால் 87.5 சதவீதம். பாய்லரில் ஒரு ஆணியும் மாறவில்லை, நீராவி ஒரு கிராமும் கூடவில்லை. இந்தியாவில் மொத்த மதிப்பில் கணக்குச் சொல்வதே வழக்கம். எரிசக்தித் திறன் பணியகத்தின் கையேடுகளில் பாய்லர் இழப்புகளைக் கணக்கிடும் சூத்திரங்களில் அந்த 584 எண்ணாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. ஈரத்தால் ஓர் இழப்பு, ஹைட்ரஜனால் ஓர் இழப்பு என்று இரண்டு வரிகளில் அது வரும். ஐரோப்பாவில் நிகர மதிப்பே வழக்கம், இந்த இழப்பு அங்கே கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே வராது. இரண்டு நாட்டு இயந்திரங்களின் விலைப்பட்டியலை அருகருகே வைத்து 70ஐயும் 87ஐயும் ஒப்பிட்டு, வெளிநாட்டு இயந்திரம்தான் உசத்தி என்று முடிவு செய்வது பெரும் தவறாகிவிடும். நிலக்கரியில் இந்த இடைவெளி சிறியது. ஹைட்ரஜன் மிகுந்த வாயுக்களில் கூடும், ஈரமான சக்கையில் மிகப் பெரிதாகிவிடும்.

ஐரோப்பியக் கணக்கில் இன்னொரு வியப்பும் உண்டு. வீடுகளைச் சூடாக்கும் சில பாய்லர்களின் திறன் 105 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். இதில் ஏமாற்று எதுவுமில்லை. அந்தப் பாய்லர்கள் புகையைக் குளிர வைத்து ஆவியை நீராக்கி, உள்ளுறை வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவிடுகின்றன. வகுப்பது நிகர மதிப்பால். அந்தப் பகுதி வகுக்கும் எண்ணில் இல்லை, கிடைத்த வெப்பத்தில் இருக்கிறது. அதனால்தான் நூறைத் தாண்டுகிறது. இயற்கை எரிவாயுவுக்கு இந்தக் கணக்கின் உச்சவரம்பு ஏறத்தாழ 111. மரச்சில்லுகளை எரித்து ஊருக்கே வெந்நீர் அனுப்பும் சுவீடன், டென்மார்க் நிலையங்களிலும் இதே முறை இருக்கிறது.

அங்கே முடிவது வரதராஜ் நகரில் ஏன் முடியாது? எரிந்து வரும் புகையில் ஆவி தனியாக இல்லை. காற்றிலிருந்து வந்த நைட்ரஜன், கரி எரிந்த கார்பன் டை ஆக்சைடு, மிச்ச ஆக்சிஜன் எல்லாவற்றோடும் கலந்து கிடக்கிறது. ஈரச் சக்கையைத் தேவைக்கு மேல் முப்பது சதவீதம் காற்றுவிட்டு எரித்தால், புகையின் கன அளவில் ஆவி கால் பங்கு இருக்கும். கலந்து கிடக்கும் ஆவி நூறு டிகிரியில் நீராகாது. கால் பங்கு ஆவி உள்ள புகை 65 டிகிரி வாக்கில்தான் முதல் துளியை விடும். அதற்கு மேல் எவ்வளவு முயன்றாலும் உள்ளுறை வெப்பம் கிடைக்காது. 45 டிகிரி வரை குளிர வைத்தால் பத்தில் ஏழு பங்கு ஆவி நீராகிவிடும். ஆக, அந்தப் புகையைத் தொட்டு வெப்பத்தை வாங்கிக்கொள்ள 65 டிகிரிக்கும் கணிசமாகக் குறைந்த ஏதோ ஒன்று வேண்டும். சுவீடனில் வீடுகளைச் சுற்றிவிட்டுக் குளிர்ந்து திரும்பும் தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. சர்க்கரை ஆலையின் பாய்லருக்குள் போகும் தண்ணீரோ, காற்று நீக்கும் கலத்தைத் தாண்டி வரும்போதே நூறு டிகிரிக்கு மேல் இருக்கும். அதனால் புகையை 65க்கு இறக்க முடியாது. உள்ளே போகும் காற்றைப் புகையால் சூடாக்குகிறார்கள், ஆனால் காற்று வாங்கிக்கொள்ளும் வெப்பம் குறைவு. புகை பெரும்பாலும் 150 டிகிரி வாக்கில் புகைபோக்கியை அடைகிறது.

ஆலையில் குளிர்ந்த பொருள் ஒன்று உண்டுதான், அப்போது பிழிந்த சாறு. அதைப் புகையால் சூடாக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதைச் சூடாக்க ஆலைக்குள்ளேயே அதைவிட வசதியான ஆவி நிறைய இருக்கிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கரைபொருள் என்றால், அதை அறுபது பங்குப் பாகாக்க 100 கிலோ சாற்றிலிருந்து 75 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும். வெல்ல ஆலையின் கொப்பரையில் இந்த 75 கிலோவும் ஆவியாகி வானத்தில் கலந்துவிடுகிறது. சர்க்கரை ஆலையில் வரிசையாக நான்கு கலங்கள் நிற்கின்றன. முதல் கலத்துச் சாறு கொதித்து வரும் ஆவி இரண்டாவது கலத்தின் குழாய்களைச் சுற்றி நீராகிறது. அப்போது அது திருப்பித் தரும் உள்ளுறை வெப்பம் இரண்டாவது கலத்துச் சாற்றைக் கொதிக்க வைக்கிறது. அதன் ஆவி மூன்றாவதற்கு, அதன் ஆவி நான்காவதற்கு. ஒரு கலத்தைவிட அடுத்த கலத்தில் அழுத்தம் குறைவாக வைத்திருப்பதால் சாறு கொதிக்கும் வெப்பநிலை படிப்படியாக இறங்கி, கடைசிக் கலத்தில் 60 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கிறது. கொடுத்த நீராவியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தண்ணீர் வெளியேறுகிறது. நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்த நார்பர்ட் ரில்யூ என்ற பொறியாளர் 1843இல் காப்புரிமை பெற்ற முறை இது. இன்றும் உலகின் சர்க்கரை ஆலைகளெல்லாம் இதில்தான் ஓடுகின்றன.

ஆக ஒரே ஆலைக்குள் இரண்டு ஆவிகள். சாற்றிலிருந்து எழும் ஆவி காற்றுக் கலப்பில்லாமல் மூடிய கலத்தில் இருக்கிறது, அதனால் உயர்ந்த வெப்பநிலையிலேயே நீராகி வெப்பத்தைத் தருகிறது. சக்கையிலிருந்து எழும் ஆவி மூன்று பங்கு வேறு வாயுக்களோடு கலந்துவிடுகிறது, அதனால் யாருக்கும் அதிகம் பயன்படாத 65 டிகிரிக்குக் கீழேதான் தரச் சம்மதிக்கிறது. இரண்டிலும் கிலோவுக்குரிய உள்ளுறை வெப்பம் பெரிதாக வேறுபடுவதில்லை, கிடைக்கும் வெப்பநிலைதான் வேறு. மொத்த மதிப்புக்கும் நிகர மதிப்புக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான அடுப்புகளில் கைக்கெட்டாமல் போவதற்கு இதுவே காரணம்.

மார்கழிக் காலையில் பாய்லர் ஓடும் ஆலையைத் தள்ளி நின்று பாருங்கள். புகைபோக்கியின் வாயை ஒட்டிச் சிறிது தூரம் ஒன்றும் தெரியாது. அதற்கு மேல்தான் வெண்மேகம் தொடங்கும், கொஞ்ச தூரம் போய்க் கரைந்துவிடும். வாயிலேயே தொடங்கி, நெடுந்தூரம் கரையாமல் நீளும் சாம்பல் அல்லது கறுப்பு நிறந்தான் உண்மையான புகை, அது சரியாக எரியாததன் அடையாளம். வெண்மேகம் ஆவி நீராகும் இடம். அந்த 450 கிலோகலோரியில் ஒரு பகுதி அங்கேதான் வெளிவருகிறது, வாங்கிக்கொள்வது பள்ளத்தாக்கின் காற்று. புகையை நீரால் கழுவும் அமைப்பு உள்ள ஆலைகளில் இந்த மேகம் இன்னும் அடர்த்தியாக இருக்கும்.

வெல்ல ஆலைக்காரர் இந்தக் கணக்கை வேறு வழியில் வென்றிருக்கிறார். சக்கையைக் களத்தில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காய வைத்துத்தான் அடுப்பில் போடுகிறார். ஒரு டன் சக்கையைப் பாதி ஈரத்தோடு எரித்தால் நிகர மதிப்பில் 18 லட்சம் கிலோகலோரி கிடைக்கும். அதே குவியலை முப்பது சதவீத ஈரம் வரும்வரை காய வைத்தால் எடை 714 கிலோவாகக் குறைந்துவிடும், ஆனால் கிடைக்கும் வெப்பம் 19 லட்சத்து 67 ஆயிரமாக உயரும். எடை குறைய வெப்பம் கூடுகிறது. குவியலின் மொத்த மதிப்போ 22 லட்சத்து 50 ஆயிரத்திலிருந்து இம்மியும் மாறவில்லை, ஏனென்றால் அது ஆவியாக்கச் செலவான வெப்பமும் திரும்பி வந்ததாக வைத்துக்கொள்ளும் கணக்கு. காய வைப்பதன் பலன் அதன் கண்ணில் படாது, நிகர மதிப்பின் கண்ணில்தான் படும். 286 கிலோ தண்ணீரை ஆவியாக்கும் வேலையை அடுப்பிடமிருந்து வாங்கிச் சூரியனிடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லாபம் இந்த ஒன்பது சதவீதத்தோடு முடிவதில்லை. ஈரம் குறைந்தால் தீயின் வெப்பநிலை ஏறும், கொப்பரை விரைந்து கொதிக்கும். ஈரச் சக்கை போட்டால் அடுப்பு மந்தமாகி, கரும்புகை கிளம்பி, சாறு நெடுநேரம் அடுப்பில் கிடக்கும். நெடுநேரம் காய்ந்த சாற்றில் சர்க்கரையின் ஒரு பகுதி உடைந்து, வெல்லம் கறுத்துப்போகும், இறுகாமல் கசியும். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் வெல்லத்தின் தரம் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சக்கை, விறகு, தேங்காய் மட்டை, அழுத்திய கட்டைகள் என எதை எரிபொருளாக வாங்கினாலும், பாய்லரோ அடுப்போ வாங்கினாலும், காகிதத்தில் உள்ள கலோரி எண்ணையும் சதவீதத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். அது மொத்த மதிப்பா, நிகர மதிப்பா என்று கேளுங்கள். எத்தனை சதவீத ஈரத்தில் எடுத்த எண் என்று கேளுங்கள். இரண்டுக்கும் எழுத்தில் விடை வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.